வாடிக்கையாளர் கட்டியது 4,000, கடைக்கு வந்தது 11,575 ரூபாய் 20 காசு: தவணை விற்பனையில் பணம் வரும் வழி

கேள்வி: "தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். ஆறு மாதமாக எங்கள் வலைத்தளத்திலும் விற்கிறோம். போன வாரம் ஒருவர் 12,000 ரூபாய்க்கு நான்கு சேலைகளை மூன்று தவணையில் வாங்கினார். அவர் இதுவரை கட்டியது 4,000 தான். ஆனால் எங்கள் கணக்கில் 11,575 ரூபாய் 20 காசு வந்துவிட்டது. மிச்சம் எங்கே போனது? அவர் மீதியைக் கட்டாவிட்டால் எங்களிடம் திரும்பக் கேட்பார்களா? இப்போது 3,000 ரூபாய்ச் சேலை ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடலாமா?"

இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையில் கடைக்கணக்குப் பார்த்து வருகிறேன். அதற்கு முன் ஏழு ஆண்டுகள், வீட்டு உபயோகப் பொருட்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில், கடைகளுக்குப் பணம் அனுப்பும் மேசையில் இருந்தேன். எனவே இந்த வியாபாரத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: குறைந்த 424 ரூபாய் 80 காசு என்பது கட்டணமும் அதன் மேல் விழும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது, வாடிக்கையாளர் மீதித் தவணையைக் கட்டாமல் போனால் அந்த நட்டம் பொதுவாக உங்களுடையது அல்ல, ஜிபேயில் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த ஆர்டர் உங்கள் தளத்தில் விழுந்த நிமிடத்திலிருந்து பணம் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் தவணைக்குச் சேலை விற்பது புதிதில்லை. மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்த தவணைக்காரர், சேலையைக் கொடுத்துவிட்டு நோட்டில் பெயரை எழுதிக்கொள்வார். வாரா வாரம் வந்து வாங்கிக்கொள்வார். அங்கே விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள். காத்திருப்பதும் அவர்தான், வராமல் போனால் இழப்பதும் அவர்தான். உங்கள் தளத்தில் நடந்தது அது அல்ல. அங்கே ஒரே பொத்தானுக்குப் பின்னால் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் நடந்தன. ஒன்று, நீங்கள் அவருக்குச் சேலை விற்றது. அது முழு 12,000 ரூபாய்க்கான ரொக்க விற்பனை. மற்றொன்று, ஒரு வங்கியோ என்.பி.எஃப்.சி. எனப்படும் நிதி நிறுவனமோ அவருக்குக் கடன் கொடுத்தது. அதில் நீங்கள் ஒரு தரப்பே அல்ல. 'மூன்று தவணை' என்ற சொல் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு மட்டுமே உரியது. உங்கள் பில்லில் தவணை என்று எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது.

இனி அந்த நிமிடத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் நான்கு சேலைகளைக் கூடையில் போட்டு, பணம் செலுத்தும் பக்கத்துக்கு வருகிறார். உங்கள் தளம் அந்த ஆர்டரின் தொகையையும் எண்ணையும், உங்களுக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு அனுப்புகிறது. அவர் தவணை முறையைத் தொட்டதும், அவருடைய கைபேசி எண்ணை வைத்துக் கடன் தருபவரின் கணினியிடம் ஒரு கேள்வி போகிறது: இந்த எண்ணுக்கு, இந்தக் கடையில், இந்தத் தொகைக்குக் கடன் தரலாமா? முன்பே பதிவு செய்தவராக இருந்தால் அவருக்கு ஒதுக்கப்பட்ட வரம்பில் மீதி எவ்வளவு, பழைய தவணை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதியவராக இருந்தால் பான் எண்ணை வாங்கிக் கடன் தகவல் நிறுவனத்தில் விசாரிப்பார்கள். பெரும்பாலும் சில நொடிகளில் பதில் வந்துவிடும். சில வாடிக்கையாளருக்குத் தவணை முறை திரையிலேயே தெரிவதில்லை, சிலருக்குத் தெரிந்தும் தொட்டால் மறுக்கிறது என்று கடைக்காரர்கள் என்னிடம் குறைப்படுவதுண்டு. அந்த முடிவு முழுக்கக் கடன் தருபவருடையது. கடைக்காரர் சிபாரிசு செய்தும் மாற்ற முடியாது.

சரி என்று பதில் வந்தால், தொகையைப் பிரித்துக் காட்டுவார்கள். உங்கள் ஆர்டரில் 12,000 மூன்றாகச் சமமாகப் பிரியும்: இன்று 4,000, அடுத்த மாதம் 4,000, அதற்கடுத்த மாதம் 4,000. சமமாகப் பிரியாத தொகை வந்தால் மீதிச் சில்லறையை ஏதாவது ஒரு தவணையில் சேர்ப்பார்கள்; 10,000 ரூபாய் என்றால் 3,334, 3,333, 3,333 என்று வரும். பின்னால் திருப்பித் தரும்போது ஒரு ரூபாய் ஏன் இடிக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அடுத்து, கடனின் விவரங்கள் அடங்கிய தாள் ஒன்று திரையில் வர வேண்டும். ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு, தவணை தவறினால் என்ன கட்டணம், உண்மையில் கடன் தருகிற வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். தவணை வசதியைக் காட்டும் செயலியின் பெயர் வேறு, கடன் தருபவரின் பெயர் வேறு என்பதை அங்கேதான் பார்க்க முடியும். அவர் ஓ.டி.பி. போட்டு ஒப்புக்கொள்கிறார், இனி வரும் இரண்டு தவணைகளையும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதி தருகிறார், முதல் 4,000 ரூபாயை யு.பி.ஐ. அல்லது டெபிட் கார்டு வழியாக அப்போதே கட்டுகிறார். மீதி 8,000 ரூபாய்தான் அவர் பெயரில் நிற்கும் கடன். சில நிறுவனங்கள் முதல் தவணையையும் சேர்த்து 12,000 ரூபாயையும் கடனாக எழுதி, முதல் தவணையை உடனே வரவு வைக்கும். வேறு சில, முதல் தவணையே ஒரு மாதம் கழித்து என்று வைத்திருக்கும். எப்படி வைத்தாலும் உங்களுக்கு வர வேண்டிய தொகை மாறாது.

இந்த இடத்தில் நானே பட்டு அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் திரையில் 'வெற்றி' என்று வந்ததும் பணம் உங்களுடையதாகிவிட்டது என்று பொருளில்லை. பல கேட்வேக்களில் ஒரு பேமென்ட் முதலில் `authorized` என்ற நிலைக்கு வரும்; அதாவது கடன் தருபவர் சம்மதித்துத் தொகையை ஒதுக்கிவிட்டார். அதைக் கடையின் பக்கம் உறுதி செய்த பிறகுதான் `captured` என்று மாறும். பெரும்பாலான தளங்களில் இது தானாக நடக்கும்படி அமைத்திருப்பார்கள். நான் கணக்குப் பார்க்கும் கடை ஒன்றில், தளத்தைப் புதுப்பித்தபோது அந்த அமைப்பு கைமுறைக்கு மாறிவிட்டது; யாரும் கவனிக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்து ஓர் அம்மா 7,500 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். 'வெற்றி' என்று வந்த ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸப்பில் அனுப்பினார், கடைப்பையன் அன்றே பார்சலைப் போட்டுவிட்டான். சில நாட்கள் உறுதி செய்யப்படாமல் கிடந்ததால் அந்தப் பேமென்ட் தானாக ரத்தாகி, அவருடைய கடனும் ரத்தாகி, கட்டிய முதல் தவணையும் அவருக்கே திரும்பிவிட்டது. சேலை அவரிடம், பணமும் அவரிடம். தினமும் ஆர்டர் பட்டியலையும் கேட்வே பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சரிபார்க்க வேண்டியது என் வேலை; அந்த வாரம் நான் பார்க்கவில்லை. அந்த அம்மா நல்லவர், கேட்டதும் முழுத் தொகையையும் வங்கியில் போட்டுவிட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் பார்சல் கட்டும் முன், கேட்வேயின் டேஷ்போர்டில் அந்த ஆர்டர் எண்ணுக்கு நேராக `captured` இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறுதியானதும் உங்கள் பங்குக்கான பணம் புறப்படுகிறது. கடன் தருபவர் கடன் தொகையை வாடிக்கையாளரின் கணக்குக்கு அனுப்புவதில்லை. டிஜிட்டல் கடனுக்கு 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, கடன் பணம் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு செலவுக்காகத் தரப்படும் கடனை, அந்தப் பணத்தைப் பெற வேண்டியவரின் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம் என்று விலக்கும் உண்டு. சேலைக்கான கடன் சேலைக் கடைக்கு நேராக வருவது அந்த விலக்கின்படிதான். கடன் வாங்கித் தரும் செயலி நடத்துபவர் அந்தப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் கேட்வே நிறுவனம் இருந்தால், பணம் வங்கியில் உள்ள எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வந்து சேர்ந்து அங்கிருந்து உங்களுக்கு வரும். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி அது. கேட்வே நிறுவனம் தன் சொந்தச் செலவுக்கு அந்தக் கணக்கைத் தொட முடியாது. என் அனுபவத்தில், உறுதியான நாளிலிருந்து ஒன்று முதல் மூன்று வங்கி வேலை நாட்களில் பணம் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை விற்றதற்குச் செவ்வாய் வரை பொறுக்க வேண்டியிருந்தால் அதில் தவறு எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் முதல் தவணையும் கடன் தொகையும் தனித்தனியாக வராமல் ஒரே 12,000 ரூபாயாக உங்கள் கணக்கில் எழுதப்படுவதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்தது.

இப்போது 424 ரூபாய் 80 காசு. உங்களுக்கு வந்த தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விடை தானாக வருகிறது. குறைந்தது 424.80. அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருப்பதால் 1.18 ஆல் வகுத்தால் 360. அது 12,000 ரூபாயில் சரியாக 3 சதவீதம். எனவே உங்கள் ஒப்பந்தத்தில் இந்தத் தவணை முறைக்கு 3 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதன் மேல் 64 ரூபாய் 80 காசு வரி. சதவீதம் கடைக்குக் கடை மாறும், விற்பனை அளவைக் காட்டிப் பேரம் பேசினால் குறையவும் குறையும். ஆனால் அது வரி உட்பட்ட முழுப் பில் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதாவது நீங்கள் அரசுக்குக் கட்டப்போகும் ஜி.எஸ்.டி.யின் மீதும் இவர்களுக்குக் கட்டணம் தருகிறீர்கள்.

இதைக் கணக்கில் எழுதும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வங்கியில் 11,575.20 வந்ததைப் பார்த்து, விற்பனையே அவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. விற்பனை 12,000. அதற்குரிய வரியையும் 12,000 ரூபாய்ப் பில்லின்படிதான் கட்ட வேண்டும். விற்ற அன்று கேட்வே பெயரில் ஒரு லெட்ஜர் வைத்து 12,000 பற்று எழுதுங்கள். பணம் வந்த அன்று அந்த லெட்ஜருக்கு 11,575.20 வங்கி வரவு, 360 கட்டணச் செலவு, 64.80 உள்ளீட்டு வரி என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் லெட்ஜர் பூஜ்யத்துக்கு வரும். வராவிட்டால் எங்கோ ஒரு ஆர்டர் தொங்குகிறது என்று அதுவே சொல்லிவிடும். அந்த 64.80 ரூபாயை நீங்கள் சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டுபவராக இருந்தால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்; அதற்குக் கேட்வே நிறுவனம் மாதந்தோறும் தரும் வரி பில் தேவை, அதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது எண்ணைத் தராமல் விட்டுவிட்டு ஆண்டு முழுக்க இந்த வரவை இழந்த கடைகளை எனக்குத் தெரியும். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது.

வட்டியே இல்லாமல் இரண்டு மாதம் ஒருவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி உங்களுக்கு வரலாம். அந்த 360 ரூபாய்தான் பதில். அதில் கேட்வேயின் பங்கு போக மீதி, கடன் தந்தவருக்கும் செயலி நடத்துபவருக்கும் போகிறது. வாடிக்கையாளர் தர வேண்டிய வட்டியைக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடியாகத் தருகிறார் என்று சொன்னாலும் தகும். கிரெடிட் கார்டில் வரும் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யும் இதே வகைதான், ஆனால் கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 12,000 ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் மூன்று மாதத் தவணையாகப் போட்டு, மொத்தம் 12,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றால், வங்கி கடனாக எழுதும் தொகை சுமார் 11,706 ரூபாய்தான். மீதி 294 ரூபாய் வட்டி. விலையிலிருந்து அந்த 294 ரூபாயைக் கடையோ பொருளைத் தயாரித்த கம்பெனியோ தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கிறது. வாடிக்கையாளர் 4,000 வீதம் மூன்று முறை கட்டுகிறார். கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால், அந்த 294 ரூபாய்க்கு 53 ரூபாய் வரியை அவரிடம் கூடுதலாக வாங்குவார்கள். சாதாரணக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. யாரோ ஒருவர் கட்டுகிறார். உங்கள் கடையில் அதைக் கட்டியவர் நீங்கள்.

ஆகவே இந்த முறை உங்களுக்குக் கட்டுபடியாகிறதா என்பதை விற்பனைத் தொகையை வைத்துப் பார்க்காமல் லாபத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் லாபம் விலையில் 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 12,000 ரூபாய்க்கு 2,160. அதில் 360 போனால் ஆறில் ஒரு பங்கு போகிறது. தவணை இருந்ததால்தான் அவர் நான்கு சேலை வாங்கினார், இல்லாவிட்டால் இரண்டுதான் வாங்கியிருப்பார் என்றால் இது நல்ல செலவு. எப்படியும் யு.பி.ஐ.யில் கட்டியிருப்பவர், பொத்தான் இருக்கிறதே என்று தவணையைத் தொட்டிருந்தால் அந்த 360 ரூபாய் வீண். 3,000 ரூபாய்க்குக் குறைந்த ஆர்டருக்குத் தவணைப் பொத்தானைக் காட்ட வேண்டாம் என்று அமைப்பதே சிறு கடைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலான கேட்வேக்களில் அதற்கு வழி உண்டு.

வாடிக்கையாளர் அடுத்த தவணையைக் கட்டாவிட்டால் என்ன ஆகும்? கடன் அவருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் இருப்பதால், வசூலிப்பது அவர்கள் வேலை, வராவிட்டால் நட்டமும் அவர்களுடையது. அவருடைய கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கி எடுப்பு திரும்பினால், தாமதக் கட்டணம் விழும், அவருடைய வங்கியும் தனியாகக் கட்டணம் பிடிக்கக்கூடும், கடன் தகவல் நிறுவனத்திலும் பதிவாகும். சிறு தொகை, இரண்டு மாதக் கடன்தானே என்று அலட்சியப்படுத்துபவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி தெரிவதில்லை: தொகை எவ்வளவு சிறியதானாலும் டிஜிட்டல் கடன் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. இவற்றில் எதற்கும் உங்கள் கடை பொறுப்பல்ல. வசூலிக்க வரும் ஆள் உங்களுக்குப் போன் செய்து வாடிக்கையாளரின் வீட்டு முகவரி கேட்டால் தர வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

ஆனால் 'பொதுவாக' என்று மேலே ஒரு சொல் போட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பணம் உங்களிடமிருந்து திரும்ப எடுக்கப்படும் சந்தர்ப்பங்கள் சில உண்டு, அவை எல்லாமே விற்பனை சம்பந்தப்பட்டவை. பொருள் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் புகார் செய்து, நீங்கள் டெலிவரி ஆதாரம் காட்ட முடியாமல் போனால் எடுப்பார்கள். கிழிந்த சேலை அனுப்பி மாற்றித் தர மறுத்தால் எடுப்பார்கள். பொருளே கைமாறாமல், கடன் பணத்தை ரொக்கமாக்கித் தருவதற்காகப் பில் போட்டது தெரிந்தால், பணத்தையும் எடுத்துக் கணக்கையும் மூடுவார்கள். ஒப்பந்தத்தில் 'ரிகோர்ஸ்', 'ஹோல்ட்பேக்', 'ரிசர்வ்' என்ற சொற்கள் வரும் பத்திகளைத் தேடிப் படியுங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் திரும்பக் கேட்பார்கள், உங்கள் விற்பனையில் ஒரு பகுதியை பிணைத்தொகை போல நிறுத்தி வைப்பார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கூரியர் ரசீதையும் டெலிவரி ஆனதற்கான பதிவையும் கடைசித் தவணை தேதி கழிந்து ஒரு மாதம் வரையாவது அழிக்காமல் வைத்திருங்கள். ஏனென்றால் ரொக்க விற்பனையில் வாங்கிய அன்றே முடிகிற தகராறு, இங்கே மூன்றாவது தவணை எடுக்கப்படும்போதுகூடக் கிளம்பும்.

கடைசியாக அந்த 3,000 ரூபாய்ச் சேலை. நீங்கள் ஜிபேயில் 3,000 அனுப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கடன் தந்தவருக்குச் சேலை திரும்பியதே தெரியாது. அவருடைய புத்தகத்தில் 8,000 அப்படியே நிற்கும். அடுத்த இரண்டு மாதமும் 4,000, 4,000 என்று எடுப்பார்கள். வாடிக்கையாளர் கையில் 3,000 ரொக்கம் இருக்கும், அதைச் செலவழித்திருப்பார், அடுத்த மாதம் கணக்கில் பணம் இருக்காது. 'சேலையைத் திருப்பிவிட்டேனே, ஏன் முழுசாக எடுத்தீர்கள்' என்று செயலியில் புகார் போடுவார். அவர்கள் உங்களைக் கேட்பார்கள். உங்களிடம் ஒரு ஜிபே பதிவுதான் இருக்கும், அது எந்த ஆர்டருக்கு என்று எதிலும் இருக்காது. புகாரை ஏற்று அவர்கள் 3,000 ரூபாயை, கேட்வே உங்களுக்குப் பணம் அனுப்பும் அடுத்த செட்டில்மென்டில் பிடித்தால் ஒரே சேலைக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கொடுத்தவராவீர்கள். இப்படி இரண்டு முறை கொடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்த கடைக்காரர் ஒருவருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு, தவணையில் விற்றுவிட்டு ரொக்கம் திருப்பித் தருவது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேலே சொன்ன ரொக்கமாக்கும் வேலையைப் போலவே தெரியும்.

சரியான வழி எளிது. சேலை கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, சரி என்று தோன்றியதும் டேஷ்போர்டில் அதே ஆர்டர் எண்ணைத் திறந்து, பகுதி ரீஃபண்ட் என்று 3,000 போடுங்கள். அந்தத் தொகையை உங்கள் அடுத்த செட்டில்மென்டில் கழித்துக்கொள்வார்கள். அன்று உங்களுக்கு 5,000 வர வேண்டியிருந்தால் 2,000 வரும். கடன் தருபவர் பக்கத்தில் 8,000 என்பது 5,000 ஆகும். அதை அவர்கள் பிரிக்கும் விதம் இரண்டு: சிலர் கடைசித் தவணையிலிருந்து குறைப்பார்கள், அப்போது அடுத்த மாதம் 4,000, கடைசி மாதம் 1,000, சிலர் சமமாகப் பிரித்து இரண்டு மாதமும் 2,500 என்று வைப்பார்கள். இரண்டும் சரிதான். முன்பே தெரிந்துகொண்டு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் அவர் மாதக் கடைசியில் உங்களை அழைக்க மாட்டார். ரீஃபண்ட் போய்ச் சேரச் சில நாட்களாகும். அதற்குள் தவணைத் தேதி வந்தால் பழைய தொகையே எடுக்கப்படலாம், கூடுதலாக எடுத்ததைப் பின்னால் சரிசெய்வார்கள். ஆகவே சேலையைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கணக்கில் பணம் வைக்காமல் இருந்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்குக் கசக்கும்: திரும்பிய சேலைக்குரிய கட்டணம், அதாவது 90 ரூபாயும் அதன் வரியும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் திரும்பி வராது. உங்களுக்கு நின்ற விற்பனை 9,000, கட்டிய கட்டணம் 360, ஆக உண்மையில் 4 சதவீதம். திரும்பி வருவது அதிகமாக இருக்கும் சரக்குக்கு இந்த முறையை வைக்கலாமா என்று யோசிக்கும்போது ஒப்பந்தத்தில் உள்ள 3 சதவீதத்தைப் பார்க்காமல் இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் தளத்தில் 'அணிந்து பார்த்துத் திருப்பலாம்' என்று போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம்.

நாளைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சேலை வந்ததும் டேஷ்போர்டில் ரீஃபண்ட் போட்டு, அதன் எண்ணை வாடிக்கையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள், அவர் செயலியில் கேட்கும்போது அந்த எண்தான் உதவும். 12,000 ரூபாய்ப் பில்லைத் திருத்தாமல், அதன் எண்ணைக் குறிப்பிட்டு 3,000 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போடுங்கள். அந்தச் சேலைக்குரிய வரி அதன் வழியாகத்தான் உங்களுக்குக் குறையும். அடுத்த செட்டில்மென்ட் வந்ததும் கேட்வே லெட்ஜரைத் திறந்து, அந்த 3,000 கழிந்திருக்கிறதா, ஒருமுறைதான் கழிந்திருக்கிறதா என்று பார்த்து டிக் போடுங்கள்.